பணி வாய்ப்பை மறுத்து எழுதும் கடிதம்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகளுக்கு இரண்டு நிறுவனங்களிலிருந்து பணி வாய்ப்புக் கடிதம் வந்திருப்பதையும், அவர் தரவுப் பகுப்பாய்வுப் பணியைத் தேர்ந்தெடுத்துவிட்டதையும், மென்பொருள் சோதனைப் பணி தர முன்வந்த நிறுவனத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் வீட்டில் அனைவரும் தயங்குவதையும் எழுதியிருந்தீர்கள். பதிலே போடாமல் விட்டுவிட்டால் கெடு முடிந்ததும் வாய்ப்பு தானாகக் காலாவதியாகிவிடும், மறுத்தோம் என்ற மனக்கசப்பும் வராது என்று நீங்கள் கருதுகிறீர்கள். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை வேறு மாதிரி இருக்கிறது.

ஒருவருக்குப் பணி வாய்ப்பு அனுப்பிய பிறகு, அந்த இடத்துக்கு அடுத்த நிலையில் தேர்வானவரைப் பெரும்பாலும் காத்திருக்க வைத்திருப்பார்கள். உங்கள் மகளின் மறுப்பு இன்றே கிடைத்தால் நாளையே அவரை அழைக்கலாம். கெடு முடியும்வரை மௌனம் நீடித்தால், அதற்குள் அவர் வேறு இடத்தில் சேர்ந்துவிடக்கூடும், பிறகு தேர்வை முதலிலிருந்து நடத்த வேண்டிவரும். மேலும், பல நிறுவனங்கள் விண்ணப்பதாரர்களின் விவரங்களை ஆள்சேர்ப்பு மென்பொருளில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கின்றன. சில ஆண்டுகள் கழித்து அதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து உங்கள் மகள் மீண்டும் விண்ணப்பித்தால், பழைய பதிவும் உடன் வந்து நிற்கும். அங்கே ‘வாய்ப்பை மறுத்தார்’ என்றிருந்தால் யாரும் அதைக் குறையாக எண்ணமாட்டார்கள். ‘பதில் இல்லை’ என்றிருந்தால் அவரை நேர்காணலுக்கு அழைப்பதற்கே யோசிப்பார்கள்.

ஆகவே மறுப்பைத் தாமதமின்றி எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த நிறுவனம் தொலைபேசியில் வாக்களித்திருந்தால் மட்டும் போதாது. பதவி, ஊதியம், சேரும் நாள் ஆகியவை குறிப்பிடப்பட்ட கடிதம் கைக்கு வந்து, உங்கள் மகள் அதை எழுத்துபூர்வமாக ஏற்றிருக்க வேண்டும். அது முடிந்த அன்றோ மறுநாளோ மறுப்பு போய்ச் சேரட்டும். சோதனைப் பணி தர முன்வந்த நிறுவனத்தின் கெடு அதற்கு முன்பே முடிவதாக இருந்தால், மூன்று நான்கு நாள் அவகாசம் வேண்டும் என்று கேட்டு எழுதுவதில் தவறில்லை. பல இடங்களில் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

கடிதத்தில் பலரும் தடுமாறுவது காரணம் சொல்லும் இடத்தில்தான். குடும்பச் சூழ்நிலை, உடல்நிலை என்று இல்லாததைச் சொன்னால், அடுத்த மாதம் அவருடைய தொழில்முறை வலைத்தளப் பக்கத்தில் புதிய பணி இடம்பெறும்போது அது பொய்யென்று தெரிந்துவிடும். ஊதியம் போதவில்லை என்று எழுதினால் பேரம் பேசுவதாக எடுத்துக்கொண்டு, தொகையை உயர்த்தித் தர முன்வருவார்கள். மீண்டும் மறுக்க நேர்ந்தால் அப்போதுதான் உண்மையான கசப்பு உண்டாகும். உண்மையான ஒரே ஒரு காரணத்தை, ஒரே வாக்கியத்தில், அவர்களுடைய பணியையோ நிறுவனத்தையோ குறைத்துப் பேசாமல் சொன்னால் போதுமானது. எந்த நிறுவனத்தில் சேர்கிறார், எவ்வளவு ஊதியம் என்பவற்றைக் குறிப்பிடத் தேவையில்லை.

உங்கள் மகள் எழுதியதாக நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்து, நான் பரிந்துரைக்கும் வடிவம் இது. பணி வாய்ப்பு வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக இதை அனுப்பச் சொல்லுங்கள்.

பொருள்: மென்பொருள் சோதனைப் பொறியாளர் பணி – வாய்ப்பை ஏற்க இயலாமை குறித்து

மதிப்பிற்குரிய அம்மையீர்,

மென்பொருள் சோதனைப் பொறியாளர் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் அனுப்பியமைக்கு மனமார்ந்த நன்றி. நன்கு யோசித்த பிறகு, இந்த வாய்ப்பை ஏற்பதில்லை என்று முடிவு செய்துள்ளேன். தரவுப் பகுப்பாய்வுத் துறையில் என் பணியைத் தொடங்க விரும்பி, அத்துறையில் வேறொரு பணியை ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் சுற்று நேர்காணலில் குழுத் தலைவர் ஒரு பிழை அறிக்கையைக் காட்டி, அதில் விடுபட்ட தகவல் எது என்று கண்டறியச் சொன்னதும், நான் தவறவிட்டதைப் பின்னர் பொறுமையாக விளக்கியதும் எனக்கு மிகவும் பயன்பட்டன. சோதனை முடிவுகளைப் பகுப்பாய்வு செய்யும் பணியிடம் உங்கள் நிறுவனத்தில் பிற்காலத்தில் உருவானால், அதற்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

எனக்காக நீங்களும் குழுவினரும் செலவிட்ட நேரத்துக்கு மீண்டும் நன்றி.

இப்படிக்கு, (பெயர், தொலைபேசி எண்)

மறுப்பு இரண்டாவது வாக்கியத்திலேயே ஐயத்துக்கு இடமின்றி வந்துவிடுவதைக் கவனியுங்கள். ‘தற்போது முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளேன்’ என்பதுபோல மென்மையாக எழுதுவது மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். படிப்பவருக்கோ இவர் மறுக்கிறாரா, அவகாசம் கேட்கிறாரா என்பது புரியாமல், மறுபடி தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கும்.

எதிர்கால வாய்ப்புக்கு வழி வைக்கும் வாக்கியத்துக்கே நான் அதிக முக்கியத்துவம் தருவேன். ‘எதிர்காலத்தில் இணைந்து பணியாற்ற வாய்ப்பு அமையும் என நம்புகிறேன்’ என்பது மறுப்புக் கடிதங்களில் வழக்கமாக வரும் வரி. அதைப் படிப்பவர் நினைவில் எதுவும் தங்காது. எந்த வகைப் பணி என்றால் வர விரும்புவார் என்று குறிப்பாகச் சொன்னால், அத்தகைய இடம் காலியாகும்போது அவர் பெயரை நினைத்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கும். மெய்யாகவே விருப்பமில்லாத நிறுவனமென்றால் அந்த வாக்கியத்தை விட்டுவிடலாம். நன்றியும் தெளிவான மறுப்புமே போதும்.

இந்தக் கடிதம் மனிதவளத் துறைக்குப் போகிறது. ஆனால் பின்னாளில் ‘அந்தப் பெண்ணை மீண்டும் கேட்டுப் பார்க்கலாம்’ என்று சொல்லக்கூடியவர் நேர்காணல் நடத்திய குழுத் தலைவர்தான். அவருடைய முகவரி உங்கள் மகளிடம் இருந்தால், அவருக்குத் தனியாக இரண்டு மூன்று வரிகளில் நன்றி எழுதட்டும். அதிகாரபூர்வ மறுப்பு மனிதவளத் துறைக்குப் போன பிறகே இது போக வேண்டும்; அவர் முதலில் வேறு வழியில் செய்தியறிந்தால் அத்துறைக்குச் சங்கடமாகிவிடும்.

கடிதம் கிடைத்ததும் கூடுதல் ஊதியம் தருவதாக அழைப்பு வரலாம். முடிவு ஊதியத்தைப் பொறுத்ததன்று என்று பணிவாகச் சொல்லி, கடிதத்தில் எழுதிய அதே காரணத்தை உங்கள் மகள் திரும்பக் கூறினால் போதும்; புதிய காரணம் எதையும் சேர்க்க வேண்டாம். அந்த அழைப்பில் நீங்கள் அவர் சார்பில் பேச விரும்புவது இயல்பே, ஆயினும் அதைத் தவிர்த்துவிடுங்கள். பணியில் சேரப்போகிறவரே தம் முடிவைச் சொல்வதைத்தான் நிறுவனம் எதிர்பார்க்கிறது. பெற்றோர் பேசினால் முடிவு அவருடையதுதானா என்ற ஐயம் எழும், அதுவும் குறிப்பில் ஏறிவிடும்.

இவை அனைத்தும் சோதனைப் பணிக்கான கடிதத்தில் உங்கள் மகள் இன்னும் கையெழுத்திடவில்லை என்ற அடிப்படையில் எழுதியவை. கையெழுத்திட்டிருந்தால் அணுகுமுறை மாறும். முதலில் கடிதத்தின் நிபந்தனைகளில் முன்னறிவிப்புக் காலம், திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை ஏதேனும் உள்ளதா என்று படித்துப் பாருங்கள். பிறகு அவர் தொலைபேசியில் நேரடியாகப் பேசி, ஏற்ற பின் விலகுவதால் அவர்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்து, அன்றே எழுத்திலும் அனுப்ப வேண்டும். அந்நிலையில் எதிர்கால வாய்ப்பைப் பற்றிய வாக்கியத்தைக் கடிதத்தில் சேர்க்காமலிருப்பதே நல்லது. ஓராண்டு கழித்து, புதிய பணியில் கற்ற ஒன்றைக் குறிப்பிட்டு அவர் குழுத் தலைவருக்கு எழுதலாம்.