பத்து நிமிடம் ஆகும்

அன்புள்ள ஐயா,

சிங்காநல்லூரில் என் மச்சான் இருபத்துநான்கு மணி நேர டிபன் கடை ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். சுற்றியுள்ள நூற்பாலைத் தொழிலாளர்களை நம்பித் தொடங்கிய கடை. பிட் நோட்டீஸைச் சிறுகதையாக எழுதித் தரச் சொன்னார். மில்லில் நள்ளிரவில் முடிகிற அரை நைட் ஷிஃப்டை முடித்த ஒருவர் மழையில் பசியோடு நடக்கிறார். எல்லாக் கடைகளும் மூடியிருக்கின்றன. இறந்துபோன அம்மாவை நினைக்கிறார். தொலைவில் நம் கடையின் வெளிச்சம் தெரிகிறது. முதல் வாய் இட்லியில் கண் கலங்குகிறார். அடியில் "அரசாணைப்படி 24 மணி நேரமும்" என்று போட்டோம். படித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நோட்டீஸைப் பார்த்து வந்தேன் என்று ஒருவரும் கடைக்கு வரவில்லை. என்ன குறை?

செ., கோவை

அன்புள்ள செ.,

உங்கள் கதையைப் பாராட்டியவர்கள் இரவு பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறவர்களாக இருக்க வேண்டும். நள்ளிரவில் பசிப்பது அவர்களுக்குத்தான் ஒரு நிகழ்ச்சி. மாலை நான்கு மணிக்கு உள்ளே போய்ப் பன்னிரண்டு மணிக்கு வெளியே வருகிறவருக்கு அது வாரக்கணக்கில் தினமும் நடப்பது. எந்தக் கடை எத்தனை மணிக்குச் சாத்தும், எந்தத் தள்ளுவண்டியில் எது மிஞ்சியிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மழையில் திகைத்து நிற்கிற ஒருவரைக் காட்டி, இது நீங்கள்தான் என்று அவரிடம் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

அந்த நேரத்தில் கடை திறந்திருக்குமா என்பதைவிட அவருக்கு வேறொரு சந்தேகம் பெரிது. வைக்கப்போவது இப்போது வெந்ததா, இரவு எட்டு மணிக்கு வெந்து ஆறியதா? சட்னி எப்போது அரைத்தது? சாப்பிட்ட கையோடு படுக்கப் போகிறவர் அவர். பரோட்டாவும் சால்னாவும் அந்த நேரத்தில் வயிற்றில் கல்லாகக் கிடக்கும் என்று தெரிந்தும், வேறு வழியில்லாமல் அதையே தின்று பழகியவர். அவருடைய இந்தச் சந்தேகத்துக்குக் கண்ணீர் பதிலாகாது. அம்மாவின் நினைவை ஊட்டி வளர்த்த இடம் முழுவதையும் இட்லி எப்போது ஊற்றப்பட்டது என்பதற்குக் கொடுத்திருக்கலாம்.

எனவே எழுதுவதற்கு முன் மச்சானிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இட்லி மாவு பொங்கி வர எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். காலை வியாபாரத்துக்கு முதல் நாள் மாலை ஆட்டிய மாவில் மிஞ்சியதை வெளியிலேயே வைத்திருந்தால், நள்ளிரவுக்குள் அது நன்றாகப் புளித்திருக்கும். இட்லி தட்டையாக வரும், வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். இரவு வியாபாரத்துக்கு என்று நண்பகலில் தனியாக ஒரு முறை ஆட்டுகிறாரா? தேங்காய்ச் சட்னி வெளியில் சில மணி நேரமே தாங்கும். இரவுக்கு மறுபடியும் அரைக்கிறாரா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்று பதில் வந்தால் உங்களுக்குக் கதை கிடைத்துவிட்டது. இல்லை என்றால் முதலில் கடையைத் திருத்த வேண்டும், கதை பிறகு.

ஆம் என்றே வைத்துக்கொள்வோம். ஊற்றிய தட்டு வெந்து இறங்கச் சுமார் பத்து நிமிடம் ஆகும். உட்கார்ந்த உடனே இலைக்கு வருகிற இட்லி ஏற்கெனவே வெந்து காத்திருந்த இட்லி. ஆகவே அந்த நேரத்தில் ஒரு கடை வாடிக்கையாளரைக் காக்க வைக்கிறது என்பதே இட்லி அப்போது வெந்தது என்பதற்குச் சாட்சி. கடைக்காரர்கள் இதைக் குறையாக எண்ணி நோட்டீஸில் மறைத்து, "சுடச்சுட, உடனடியாக" என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் கதை முழுவதையும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வைக்கலாம். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மில் கேட்டைத் தாண்டும்போது மணி பன்னிரண்டே கால். வீட்டில் சோறு இருக்கும். ஆனால் கதவுச் சத்தம் கேட்டதும் அதைச் சுட வைக்க அவள் எழுந்துவிடுவாள். ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க மறுபடியும் எழ வேண்டியவள். அவன் கடையில் உட்கார்ந்தான்.

'நாலு இட்லிங்க.'

'பத்து நிமிசம் ஆகுங்க. இப்பத்தான் ஊத்தறேன்.'

'இருக்கறத வைங்க போதும்.'

'இருக்கறது ஒண்ணுமில்லீங்க. பதினோரு மணி ஈடு தீந்துபோச்சு.'

உள்ளே மிக்சி ஓடி நின்றது. அவன் புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்து, குழாயடிக்குப் போய்க் கைகால் கழுவி வந்தான். இட்லி வந்தபோது பிட்ட விரலை உடனே எடுக்க வேண்டியிருந்தது. நாற்பது ரூபாயை எண்ணி வைத்தான்.

'மணி ரெண்டுக்கு வந்தாலும் இருக்குங்களா?'

'இருக்காதுங்க. ஊத்தணும். பத்து நிமிசம் ஆகும்.'"

இதில் கடையைப் புகழ்ந்து ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எந்த நேரத்திலும் கடை உண்டு, சட்னி அப்போது அரைத்தது, ஈடு அப்போது இறக்கியது, நான்கு இட்லியின் விலை இவ்வளவு என்ற நான்கு செய்திகளும் உள்ளே இருக்கின்றன. விலையைக் கதைக்குள் வைத்தது வேண்டுமென்றே செய்தது. சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் விலை தெரியாத கடைக்குள் நுழையப் பலரும் தயங்குவார்கள். உங்கள் மச்சானின் உண்மையான விலையை அங்கே போடுங்கள். கடையின் பெயரைக் கதைக்குள் திணிக்க வேண்டாம். கதை முடிந்தபின் ஒரு கோடு இழுத்து, பெயர், எந்த மில் கேட்டிலிருந்து எந்தப் பக்கம் என்ற அடையாளம், தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் போட்டால் போதும். மனைவியை எழுப்ப மனமில்லாததை நான் இரண்டே வாக்கியத்தில் விட்டதையும் கவனியுங்கள். அதை நீட்டினால் மறுபடியும் உங்கள் மழைக்கே போய்ச் சேர்வோம்.

முழு நைட் ஆட்களையும் இதே கதையில் சேர்க்கச் சொல்லி மச்சான் கேட்கக்கூடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்கள் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போகிறவர்கள். வேலை நடுவே கேட்டைத் தாண்டி வர முடியாது. காலையில் வெளியே வரும்போது ஊரிலுள்ள எல்லாக் கடைகளும் திறந்திருக்கும். அவர்களுக்கு வேண்டியது உள்ளே போகுமுன் வாங்கிக்கொள்கிற பார்சல். அது வேறு கதை, வேறு நோட்டீஸ்.

அடியில் போட்ட அரசாணை வரியை எடுத்துவிடுங்கள். 2019இல் தமிழக அரசு வெளியிட்டு 2022இல் நீட்டித்த அந்த ஆணை, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது. மாஸ்டரும் இரண்டு உதவியாளர்களும் உள்ள கடை அதன் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாது. இரவுக் கடைக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அதேபோல அடுப்பை அணைத்துக் கழுவிவிட ஒரு மணி நேரம் கடையை நிறுத்துவார் என்றால், "மூன்று முதல் நான்கு வரை கழுவும் நேரம்" என்று அச்சிடுங்கள். மூன்றரை மணிக்கு வந்து சாத்திய ஷட்டரைப் பார்த்துத் திரும்புகிறவர் நோட்டீஸில் உள்ள மற்ற எதையும் நம்பமாட்டார். மறுநாள் மில்லில் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றும் டாஃபிங் வேலையின்போது பக்கத்து ஆளிடமும் சொல்லிவிடுவார்.

நாளிதழுக்குள் வைத்து வீடுகளுக்கு அனுப்பினால் இந்த நோட்டீஸைத் தூங்கி எழுந்தவர்கள்தான் படிப்பார்கள். நூறு பிரதி மட்டும் அடித்து, அரை நைட் விடுகிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஆள் நிறுத்திக் கையில் கொடுங்கள். அன்று இரவு கடையில் பத்து நிமிடம் ஆகும் என்றதும் சிரிக்கிறவர் எத்தனை பேர் என்று மச்சானைக் கவனிக்கச் சொல்லுங்கள். நோட்டீஸைப் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்தான்.