ஸ்லீப்பரில் 110 கிலோ சாமான்

"வீடு மாறுகிறோம். நானும் மனைவியும் ஸ்லீப்பரில் போகிறோம். சாமான் 110 கிலோ வரும், காலி காஸ் சிலிண்டரும் இருக்கிறது. கொண்டு போகலாமா?"

சிலிண்டரை விட்டுவிடுங்கள். காலியாக இருந்தாலும் இந்திய ரயிலில் அனுமதி இல்லை. ஏஜென்சியில் ஒப்படைத்து இணைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ இலவசம். இருவருக்கும் 80 போக, மிச்சம் 30 கிலோ. அதை ஏறும் நிலையத்தின் லக்கேஜ் அலுவலகத்தில் எடை போட்டு முன்பதிவு செய்தால், லக்கேஜ் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்குதான். ரயில் கிளம்ப அரை மணிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வரிசை இருக்கும், இன்னும் சீக்கிரமே போங்கள்.

பதிவு செய்யாமல் ஏற்றிப் பிடிபட்டால் அந்தக் கட்டணத்தைப்போல் ஆறு மடங்கு. இலவச அளவுக்கு மேல் ஆளுக்கு 10 கிலோ சலுகை உண்டே என்று அதை நம்பிப் போக வேண்டாம், உங்கள் 30 கிலோ இருவருக்குமான 20 கிலோவையும் தாண்டுகிறது. அப்புறம், பெரிய பெட்டிகளை ரயிலில் சாமான் ஏற்றும் பிரேக் வேனில் போட்டுவிடுங்கள்.