பதற்றத்துக்குப் பழக்கமாகாத மாத்திரை உண்டா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஒன்றரை வருடமாகவே மனதில் ஓயாத கவலை. பையன் பள்ளியிலிருந்து வர பத்து நிமிடம் தாமதமானால்கூட நெஞ்சு படபடத்துக் கை நடுங்குகிறது. தூக்கமும் சரியில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன்; இரவில் பாதம் எரிகிறது. சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. என் அம்மா அல்பிரசோலம் மாத்திரையை விட முடியாமல் தவித்ததைப் பார்த்தவன் நான். பிராப்ரனலால் பழக்கமாகாது, அதைப் போடு என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: வேண்டாம். பிராப்ரனலால் பழக்கமாகாது என்று நண்பர் சொன்னது சரிதான். மேடை ஏறுவதற்கு முன் நெஞ்சு படபடப்பவருக்கு அது நல்ல மருந்தும்கூட. ஆனால் அது மூச்சுக்குழாயைச் சுருக்கும், அதனால் வீசிங் உள்ளவருக்கு ஆபத்து. சர்க்கரை தாழும்போது உடம்பு எச்சரிக்கையாகக் காட்டும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். கிளிமிபிரைடு சாப்பிடும் உங்களுக்கு அந்த எச்சரிக்கை அவசியம். இதெல்லாம் போக, கவலையை அது தொடுவதே இல்லை.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் படபடப்பில் கொஞ்சம் அந்தக் கிளிமிபிரைடின் வேலையாகவே இருக்கலாம். அடுத்த முறை நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது பதற்றம் இல்லை, தாழ்சர்க்கரை. உடனே சர்க்கரை கரைத்த தண்ணீரோ பழச்சாறோ குடித்துவிட்டு, உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லுங்கள். சால்பியூட்டமால் இன்ஹேலர் அடித்த பிறகும் கை நடுங்கும். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இவற்றைப் பார்க்காமல் மனநல மாத்திரை எழுத எனக்குக் கை வராது.

இவையெல்லாம் சரியாக இருந்து, கவலையே நோய் என்று தெரிந்தால், வழக்கமாக முதலில் எழுதுவது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. அல்பிரசோலம் சீக்கிரமே இதம் தரும், சில மணி நேரத்தில் இறங்கும்; அந்த ஏற்ற இறக்கம்தான் அடுத்த மாத்திரையைத் தேட வைக்கிறது. இவற்றில் அது இல்லை. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஒரே அளவு பல மாதங்களுக்குப் போதும், ஏற்றிக்கொண்டே போக வேண்டியதில்லை.

ஆனால் உங்களுக்கு நான் முதலில் யோசிப்பது டுலோக்செட்டின். காரணம் உங்கள் பாதம். சர்க்கரையால் வரும் நரம்பு எரிச்சலுக்கும் பதற்றத்துக்கும் அந்த ஒரே மருந்து வேலை செய்யும். சாப்பாட்டுக்குப் பின் 30 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரம் கழித்து 60 ஆக்குவோம். அதற்கு முன் ரத்த அழுத்தம், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பார்க்க வேண்டும். அழுத்தம் கட்டுப்படாமல் இருந்தாலோ, நீங்கள் நிறையக் குடிப்பவராக இருந்தாலோ இதை விட்டுவிட்டு எஸ்சிட்டலோபிராமுக்குப் போவேன். அதை 5-ல் தொடங்கி 10-க்கு ஏற்றலாம். பாத எரிச்சலுக்கு யாராவது ஏற்கெனவே பிரிகாபலின் எழுதித் தந்திருந்தால் சொல்லுங்கள். அது பதற்றத்தையும் குறைக்கும்தான், ஆனால் சிலருக்குப் பழக்கமாகிவிடுகிறது. உங்கள் பயத்தை வைத்துப் பார்த்தால் அது என் முதல் தேர்வு இல்லை.

பஸ்பிரோன் என்று இன்னொன்றும் உண்டு. பழக்கமாகாது, தூக்கக் கலக்கம் குறைவு. தினமும் இரண்டு மூன்று வேளை விடாமல் சாப்பிட வேண்டும். பதறும்போது மட்டும் போட்டால் பலன் இல்லை. மற்றவை ஒத்துக்கொள்ளாதபோது அதை எடுப்பேன்.

டுலோக்செட்டின் தொடங்கிய முதல் பத்து நாள் கொஞ்சம் சிரமம். குமட்டும், சிலருக்குப் பதற்றமே கூடும். பலர் மாத்திரையை நிறுத்துவது இங்கேதான். அந்த நாட்களுக்கு இரவில் மட்டும் ஹைட்ராக்சிசின் தருவதுண்டு. அரிப்புக்குத் தரும் அதே மாத்திரைதான். தூக்கம் வரும், பழக்கமாகாது. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்குத் தர மாட்டோம். தாம்பத்திய உறவில் நாட்டம் குறைந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே வர வேண்டும். முன்பு எப்போதாவது நாட்கணக்கில் தூங்காமலே அபார உற்சாகத்தோடு பணத்தை வாரி இறைத்த காலம் உண்டா? இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவருக்கு இந்த மருந்துகளே சிக்கலாகும்.

அம்மா பட்ட பாட்டைப் பார்த்த உங்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். டுலோக்செட்டினைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். இதை அடிமைத்தனம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மருந்துக்கு ஏங்குவது வேறு, பழகிய உடம்பு தடுமாறுவது வேறு. குணம் தெரிந்த பிறகு ஆறு மாதமாவது தொடர்ந்துவிட்டு, 60-ஐ 30 ஆக்கிச் சில வாரம் வைத்திருந்து நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இருப்பதில்லை. கேப்சூலைத் திறந்து பாதிக் குருணையைக் கொட்டிவிட்டு அளவைக் குறைக்காதீர்கள். வயிற்று அமிலத்தில் மருந்து சிதையாமல் காக்கும் பூச்சு அந்தக் குருணைகளின் மேல் இருக்கிறது.