வைகாசி முகூர்த்தமும் சம்பந்தி வீட்டின் அதிக மாதமும்

கேள்வி: கோபியில் மகனுக்கு 2026 வைகாசியில் முகூர்த்தம் குறித்து மண்டபமும் பேசிவிட்டோம். தெலுங்கு பேசும் சம்பந்தி வீட்டார் அது அதிக மாதம், ஆகாது என்கிறார்கள். எங்கள் காலண்டரில் அப்படி ஒரு மாதமே இல்லையே? பரிகாரம் செய்தால் போதும் என்று தரகர் சொல்கிறார்.

பதில்: இரு வீட்டாரும் சொல்வது சரியே. நம் வைகாசி சூரியனைப் பார்த்துப் பிறப்பது. சூரியன் ரிஷப ராசியில் நுழையும்போது தொடங்கி, மிதுனத்தில் நுழையும்போது முடிகிறது. ஆண்டுக்குச் சேரும் கால் நாளையும் அந்த நுழைவு நேரமே ஏற்றுக்கொள்வதால், பிப்ரவரி 29 போலத் தனியாக ஒரு நாளை நாம் செருக வேண்டியதில்லை. சம்பந்தி வீட்டு மாதம் ஓர் அமாவாசை முடிந்து அடுத்த அமாவாசை வரை ஓடுவது. அப்படிப் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் ஆகிறது. சூரிய ஆண்டுக்குச் சுமார் 11 நாள் குறைவு. இந்தக் குறை ஒரு மாத அளவுக்குச் சேர ஏறத்தாழ 32, 33 மாதங்கள் ஆகும். அப்போது ஒரு முழு மாதத்தைக் கூடுதலாக வைக்காவிட்டால் உகாதி ஆண்டுதோறும் பின்வாங்கி மார்கழிக் குளிருக்கே போய்விடும்.

எந்த மாதத்தைக் கூடுதலாக வைப்பது என்பதை யாரும் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. 2026 மே 15 காலையில் சூரியன் ரிஷபத்தில் நுழைகிறது. மே 16 நள்ளிரவு கடந்து அமாவாசை முடிகிறது. அடுத்த அமாவாசை ஜூன் 15 காலை எட்டரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. சூரியன் மிதுனத்தில் நுழைவதோ அன்று நண்பகலைக் கடந்துதான். ஆகவே இரண்டு அமாவாசைகளுக்கு நடுவே சூரியன் ராசியே மாறவில்லை. அத்தகைய மாதத்திற்குச் சொந்தப் பெயர் கிடையாது. அடுத்த மாதத்தின் பெயரோடு 'அதிக' சேர்த்து அதிக ஜேஷ்டம் என்கிறார்கள். அது மே 17 முதல் ஜூன் 15 வரை.

பௌர்ணமியைக் கொண்டு இதைக் கணக்கிடாதீர்கள். அந்த மே மாதத்தில் 1, 31 ஆகிய இரு தேதிகளிலும் பௌர்ணமி வருகிறது. அதைக் காட்டி, அதனால்தான் தோஷம் என்று விளக்குபவர்கள் வருவார்கள். ஆங்கில மாதத்துக்குள் இரண்டு பௌர்ணமி விழுவதற்கும் அதிக மாதத்துக்கும் தொடர்பே இல்லை. தமிழ் மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தாலும் தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதனால் மாதம் கூடாது. இரண்டு அமாவாசையும், இடையில் சூரியன் பெயராமையுமே அடையாளம்.

சூரியன் ராசி மாறும் நேரத்தைத் தினசரித் தாளில் ஒரு வரியாக அச்சிட்டாலே போதும். நல்ல நேரத்துக்கும் ராசிபலனுக்கும் இடம் ஒதுக்குபவர்கள் இதைச் செய்யாததால்தான் குடும்பங்கள் தரகர் வாயைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது சூரியனையும் சந்திரனையும் ஒத்துப்போகச் செய்யும் கணக்கு; பரிகாரத்துக்குப் பணம் கொடுப்பதால் அமாவாசை நகராது. அந்தச் செலவைத் தரகரிடம் கொடுக்காதீர்கள். சம்பந்தி வீட்டார் பார்க்கும் பஞ்சாங்கத்தையே வாங்கி, மண்டபத்துக்கு மீதி முன்பணம் கட்டுவதற்கு முன் இரு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். ஜூன் 16 முதல் ஜூலை 14 வரை அவர்களுக்கு நிஜ ஜேஷ்டம், நமக்கு ஆனி. ஆடி பிறப்பதற்கு முன் இரு வீட்டாருக்கும் பொருந்தும் முகூர்த்தத்தை அந்த நாட்களில் தேடுங்கள்.