பாட்டியின் பழைய கடிதத்துக்கு இப்போது எப்படிப் பதில் எழுதுவது?

கேள்வி: நான் பிறந்தபோது பாட்டி அம்மாவுக்கு எழுதிய கடிதம் அம்மாவின் பெட்டியில் கிடைத்தது. எழுத்து மங்கிவிட்டது. போட்டோ எடுத்துக்கொண்டு வெளிநாடு வந்துவிட்டேன். பாட்டிக்கு மனம் குளிர எப்படிப் பதில் எழுதுவது?

முதலில் சரியாகப் படித்துவிடுங்கள். நீலப் பேனாவில் எழுதியிருந்தால், போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கிச் சிவப்பு ஃபில்டர் போட்டுப் பாருங்கள், மங்கிய எழுத்து கறுத்துத் தெரியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர் என்றால் லை, னை எல்லாம் துதிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும். பலர் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்க மாட்டார்கள், ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். அதனால் வரியை வாய்விட்டு வாசியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத சொல் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

அப்படியும் மடிப்பில் சில சொற்கள் போயிருக்கும். அதை ஊகித்து நிரப்ப வேண்டாம், பாட்டியிடமே கேளுங்கள். பாராட்டி நாலு வரி எழுதினால் படித்துச் சந்தோஷப்படுவார், அவ்வளவுதான். கேள்வி கேட்டால் பேச ஆரம்பிப்பார். எங்கள் ஆச்சி எழுதிய கடிதத்தில் தொட்டிலுக்கு எந்தச் சேலை என்ற இடம் மடிப்பில் அழிந்திருந்தது. நான் எழுதிய பதில் இது:

“அன்புள்ள ஆச்சிக்கு, நலம். நலமறிய ஆவல். நான் பிறந்தப்போ அம்மாவுக்கு நீங்க எழுதின கடிதத்தை இப்பத்தான் படிச்சேன். தாத்தாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு, ஓரம் தைச்சு, எனக்குத் துணி அனுப்பினீங்களாமே. புதுத்துணி பிள்ளைக்கு உறுத்தும்னு எழுதியிருக்கீங்க. கையால தைச்சீங்களா, மெஷின்லயா? தொட்டிலுக்கு உங்க சேலையையே கட்டச் சொல்லியிருக்கீங்க. எந்தச் சேலைங்கிற இடம் அழிஞ்சுபோச்சு. அது என்ன நிறம் ஆச்சி? இப்பவும் இருக்கா? ‘பிள்ளை ராத்திரி தூங்குதா’ன்னு அம்மாகிட்ட கேட்டிருந்தீங்க. நல்லாத் தூங்கறேன் ஆச்சி. இங்க குளிர் அதிகம், ரெண்டு போர்வை போர்த்திக்கறேன்.”

கவனித்தீர்களா, அன்று அவர் அம்மாவிடம் கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. உங்கள் கடிதத்திலும் அப்படி ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும், தேடிப் பாருங்கள். ‘பாசம்’, ‘தியாகம்’ போன்ற பெரிய சொற்கள் தேவைப்படாது. அந்த வேட்டித் துணியைப் பற்றி விசாரித்தாலே அவருக்குப் புரிந்துவிடும்.

டைப் செய்யாமல் கையால் எழுதுங்கள். கோடு போட்ட தாளில் ஒரு வரி விட்டு ஒரு வரி, தடித்த கறுப்புப் பேனாவில், எழுத்து பெரிதாக இருக்கட்டும். வயதான கண்ணுக்கு நீல மை சட்டென்று தெரியாது. பின்பக்கம் எழுதினால் மை ஊறி முன்பக்கமும் கெடும். தபால் வந்து சேர நாளாகும் என்றால் படம் பிடித்து ஊரில் இருக்கும் யாருக்காவது அனுப்பி, ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். போன் திரையில் காட்டினால் தள்ளித் தள்ளிப் படிக்கச் சிரமப்படுவார், நினைத்தபோது எடுத்துப் பார்க்கவும் முடியாது. கூடவே பழைய கடிதத்தின் போட்டோவையும் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தான் என்ன எழுதினோம் என்பது அவருக்கு நினைவிருக்காது, அதைப் பார்த்தால்தான் உங்கள் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியும்.