பந்து வளையாத நாளில் கையை இன்னும் திருப்பலாமா?

கேள்வி: டென்பின் பவுலிங்கில் எனக்கு ஹூக் பால், அதாவது வளைந்து போகும் பந்து, ஓரளவு வருகிறது. ஆனால் ஒரே மாதிரி வீசியும் ஒரு நாள் பந்து முன்னால் தனியே நிற்கும் ஹெட்பின்னைத் தாண்டி இடப்பக்கம் போகிறது, இன்னொரு நாள் பாக்கெட்டுக்கு வந்து சேர்வதே இல்லை. வளையாத நாளில் கையை இன்னும் அதிகமாகத் திருப்பினால் சரியாகுமா?

சரியாகாது. நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். நான் குன்னூர்க்காரன். ஊட்டிப் பக்கம் ஒரு விடுதியின் கீழ்த்தளத்தில் நான்கு லேன் உண்டு, வார இறுதியில் அங்கேதான் என் பொழுது போகிறது. நீங்கள் வலக்கைக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இடக்கை என்றால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் எதற்காக வளைக்கிறோம் என்பதைப் பார்ப்போம். பந்தை விடும் எல்லைக்கோடான ஃபவுல் லைனிலிருந்து ஹெட்பின் வரை 60 அடி. லேனின் அகலத்தில் 39 பலகைகள், ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். வலப்பக்கத்திலிருந்து எண்ணினால் ஹெட்பின் 20-ம் பலகையில் நிற்கிறது. பாக்கெட், அதாவது ஹெட்பின்னான 1-க்கும் அதன் வலப்பக்கம் பின்னால் நிற்கும் 3-க்கும் நடுவில் பந்து நுழைய வேண்டிய இடம், பதினேழரையில் இருக்கிறது. வலது ஓரத்தில் கால்வாயை ஒட்டி நின்று நேர்கோடாக வீசினாலும் பாக்கெட்டில் நுழையும் கோணம் ஒன்றரை டிகிரியைத் தொடாது. அவ்வளவு தட்டையாக வரும் பந்து ஹெட்பின்னில் பட்டதும் வலப்பக்கம் விலகிவிடும், 5-ம் பின் அப்படியே நிற்கும். ஒரே பந்தில் பத்து பின்னும் விழும் நல்ல ஸ்ட்ரைக்கில் பந்து தானே தொடுவது 1, 3, 5, 9 என்ற நான்கு பின்களைத்தான். மற்றவற்றைப் பின்களே தள்ளிக்கொள்ளும். பந்து விலகாமல் 5 வரை போக 4 முதல் 6 டிகிரி கோணம் வேண்டும். அதற்குத்தான் ஹூக்.

அடுத்தது ஆக்ஸிஸ் ரொட்டேஷன், அதாவது பந்து எந்தப் பக்கம் பார்த்துச் சுழல்கிறது என்பது. மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி உங்களை விட்டு நேராகப் போகும்போது சக்கரத்தின் விளிம்பு மட்டும்தான் தெரியும். அது 0 டிகிரி. சக்கரத்தின் முழு முகமும் தெரியும்படி, ஆனால் உங்களை விட்டு விலகியே பந்து போனால் அது 90 டிகிரி. அப்போது பந்து முன்னால் போகிறது, சுழற்சி மட்டும் இடப்பக்கம் உருளப் பார்க்கிறது. விடும் நேரத்தில் விரல்கள் பந்தின் அடியில், கடிகாரத்தின் 6 மணியில் இருந்து 4 மணிப் பக்கம் வந்தால் ஏறக்குறைய 45 டிகிரி கிடைக்கும்.

பந்து லேனில் விழும்போது உருளுவதில்லை, வழுக்குகிறது. பந்தின் வேகமும் சுழற்சியும் ஒத்துப்போகாத வரை உராய்வு அதன் திசையை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒத்துப்போனதும் பந்து உருளத் தொடங்கும், வளைவு அங்கேயே முடியும். ஆக, மொத்தம் எவ்வளவு திரும்பலாம் என்பதைக் கையும் வேகமும் முன்பே முடிவுசெய்துவிடுகின்றன. அந்தத் திருப்பம் லேனில் எங்கே செலவாகும் என்பதை முடிவுசெய்வது லேனின் மேல் பூசியிருக்கும் எண்ணெய். பிளஸ் டூ இயற்பியல் நினைவிருப்பவர்களுக்காக அந்த மொத்தத் திருப்பத்தின் கணக்கு இது (பந்து எங்கும் ஒரே சீரான அடர்த்தி, அச்சில் சாய்வு இல்லை என்று கொண்டு):

```
tan(φ) = 2·s·sin(θ) / (5·v + 2·s·cos(θ))
```

இதில் v பந்தின் வேகம், s சுழற்சியால் பந்தின் மேற்பரப்புக்கு வரும் வேகம், θ ரொட்டேஷன், φ மொத்தத் திருப்பம். மணிக்கு 27 கி.மீ. வேகம், நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்தால் 20 டிகிரி ரொட்டேஷனுக்குச் சுமார் 3 டிகிரி திருப்பம் வருகிறது. 45-க்கு ஆறரை, 90-க்குப் பத்து. உண்மையான பந்துக்குள் கோர் என்று ஒன்று இருப்பதால் எண்கள் கொஞ்சம் நகரும், ஆனால் போக்கு இதுதான்.

இதைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். 90-ல் அதிகம் திரும்புகிறதே, அப்படியானால் கையை இன்னும் திருப்புவோம் என்று தோன்றும். ஆனால் வழுக்கும்போது உராய்வில் எவ்வளவு பங்கு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று பாருங்கள். 20 டிகிரியில் நூற்றில் 26 பங்கு, 45-ல் 43 பங்கு, 90-ல் 41 பங்கு. 45-க்கும் 90-க்கும் வித்தியாசமே இல்லை! 90-ல் பந்து பலமாக வளைவதில்லை, நீண்ட நேரம் வளைகிறது. அந்த நீண்ட நேரத்துக்கு இடம் வேண்டும்.

இடம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதுதான் எண்ணெய்ப் பேட்டர்ன். எண்ணெய் 40 அடி வரை பூசியிருந்தால், மீதி 20 அடி உலர்ந்த லேன். எண்ணெயில் உராய்வு 0.04, உலர்ந்த இடத்தில் 0.17 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். எண்ணெயை விட்டு வெளியே வந்தபின் 20 டிகிரிப் பந்து 8 அடியிலேயே உருளத் தொடங்கிவிடுகிறது. 45 டிகிரிப் பந்துக்கு 12 அடி போதும். 90 டிகிரிப் பந்துக்கு 20 அடிக்கு மேல் வேண்டும், அதாவது வளைந்து முடியும் முன்பே பின்கள் வந்துவிடுகின்றன.

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அந்த விடுதியில் லேனைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சனிக்கிழமை காலையில் 40 அடிப் பேட்டர்ன் பூசுவார். அதில் என் கோடு எனக்கு மனப்பாடம். ஃபவுல் லைனில் 19-ம் பலகை, லேனில் பதித்திருக்கும் அம்புக்குறிகளுக்கு அருகே 13, எண்ணெய் முடியும் இடத்தில் 9, அங்கிருந்து திரும்பிப் பதினேழரை. 9 எங்கிருந்து வந்தது என்றால், பேட்டர்ன் நீளத்தில் 31-ஐக் கழித்தால் எண்ணெய் முடியும் இடத்தில் பந்து இருக்க வேண்டிய பலகை கிடைக்கும். இது பவுலிங்காரர்களின் கைக்கணக்கு, சட்டம் அல்ல. தொடங்குவதற்கு நல்ல இடம், அவ்வளவுதான்.

ஒரு ஜனவரி சனிக்கிழமை. புல்வெளியெல்லாம் உறைபனி. என் முதல் நான்கு பந்தும் ஹெட்பின்னைத் தொடாமல் நேரே 3-ம் பின்னில் போய் இடித்தன. குளிருக்கு எண்ணெய் கெட்டியாகியிருக்கும் என்று நினைத்தேன் (குளிரில் கெட்டியாவது உண்மைதான்). கையை நன்றாகத் திருப்பினேன், பந்து அதே இடத்துக்குத்தான் போனது. இன்னும் திருப்பினேன். இப்போது விரல்கள் பந்துக்கு மேலேயே ஏறிவிட்டன, சுற்றும் குறைந்தது, பந்து பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. பத்து ஃபிரேமில் ஒரு ஸ்ட்ரைக் கூட இல்லை. கடைசியில் அண்ணனிடம் கேட்டேன்.

"கூட்டம் வரும்னு 45 அடி போட்டேன் தம்பி. சாயங்காலம் வரைக்கும் தாங்கணும்ல?" என்றார்.

மீதி 15 அடிதான். என் 45 டிகிரிப் பந்து 12 அடியில் தன் வேலையை முடித்திருக்கும். கூடுதலாகத் திருப்பியதன் பலன் கடைசி மூன்று அடியில் மட்டுமே தெரிய முடியும், அது கண்ணுக்கே தெரியாது. குறை கையில் இல்லை, கோட்டில் இருந்தது. 45-ல் 31 போனால் 14. நானோ வழக்கம்போலப் பந்தை 9-ம் பலகைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவ்வளவு வெளியே போன பந்து 15 அடிக்குள் எட்டரைப் பலகை திரும்பி வர நேரம் கிடையாது. கையைப் பழையபடி 45-க்குக் கொண்டுவந்து, வெளிப்பக்கம் வீசாமல் 14-ஐப் பார்த்து ஏறக்குறைய நேராக விட்டேன். மூன்றாவது பந்தில் பாக்கெட் கிடைத்தது.

உங்கள் இன்னொரு நாள், அதாவது பந்து இடப்பக்கம் தாண்டும் நாள், ஞாயிறு மாலை போன்ற நாளாக இருக்கும். எல்லோரும் இரண்டாவது அம்புக்குறியைச் சுற்றியே வீசுவதால் அந்தத் தடத்தின் எண்ணெயை ரியாக்டிவ் பந்துகள் உறிஞ்சிவிடும். பேட்டர்ன் தாளில் 40 அடி என்றாலும் அந்தத் தடத்தில் அது 35 போலத்தான் நடந்துகொள்ளும். அன்றைக்கு அதிகம் திருப்பிய பந்து கிடைத்த கூடுதல் இடத்தையெல்லாம் பயன்படுத்தி வளைந்துகொண்டே போகும். வேண்டிய நாளில் உதவாதது வேண்டாத நாளில் வந்து கெடுக்கும். அப்போது காலை இரண்டு பலகை இடப்பக்கம் நகர்த்துங்கள், குறியை ஒரு பலகை நகர்த்துங்கள். எண்ணெய் இன்னும் மிச்சமிருக்கும் உட்பக்கத் தடத்துக்குப் பந்து மாறும். போதவில்லை என்றால் மறுபடி இரண்டுக்கு ஒன்று.

எது நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைசி 15 அடியில் பந்தை மட்டும் பாருங்கள், பின்களைப் பார்க்காதீர்கள். வளைவு முடிந்து நேராக ஓடத் தொடங்கிய பின் பாக்கெட்டைச் சேர்ந்தால் நல்லது. பின் வரைக்கும் வளைந்துகொண்டே போனால் பந்து இன்னும் வழுக்குகிறது என்று அர்த்தம். ரொம்ப முன்னாலேயே நேராகிவிட்டால் தடம் காய்ந்திருக்கிறது, அல்லது ரொட்டேஷன் குறைவு. பின்னவற்றில் எது நடந்தாலும் பந்து தளர்ந்துதான் அடிக்கும், பாக்கெட்டில் விழுந்தும் 10-ம் பின் நிற்கும், 6-ம் பின் கால்வாயில் சோம்பலாகப் படுத்திருக்கும். 8-ம் 10-ம் மட்டும் மிஞ்சினால் தளர்ச்சி இன்னும் அதிகம். நிற்கும் பின் ஒன்றுதான், காரணம் இரண்டு. அதனால்தான் பந்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

உங்கள் ரொட்டேஷனை அறிய, பந்தில் எண்ணெய் வளையம் பதியும் இடத்தை ஒட்டி வெள்ளை டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். நண்பரைப் பின்னால் நிற்கச் சொல்லி ஃபோனில் ஸ்லோமோஷன் எடுத்துப் பாருங்கள். டேப் சக்கரம் விளிம்பாகத் தெரிகிறதா, முகமாகத் தெரிகிறதா, நடுவிலா என்பது நன்றாகத் தெரியும். விளையாட்டைத் தொடங்கும் முன் டேப்பை எடுத்துவிடுங்கள்.

அரங்கில் கொடுக்கும் பிளாஸ்டிக் பந்தில் வீசுகிறீர்கள் என்றால் மேலே சொன்ன 12 அடிக் கணக்கெல்லாம் பொருந்தாது. அதற்கு உலர்ந்த இடத்திலும் பிடிப்பு குறைவு, 45 டிகிரியோடும் வளைந்து முடியாமலே போய்ச் சேரும். அதை வைத்துக்கொண்டு கையைக் குறை சொல்லாதீர்கள்.

மலையில் விளையாடுபவர்களுக்கு இன்னொன்று. வெளியே மழையிலும் மூடுபனியிலும் நனைந்த தரையில் நின்றுவிட்டு பந்து வீச நடந்து வரும் அப்ரோச்சில் அப்படியே ஏறாதீர்கள். ஈரம் பட்ட ஷூ அடி வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், கடைசி அடியில் உடம்பு முன்னால் தள்ளும், பந்து எந்தப் பலகையில் விழும் என்று உங்களுக்கே தெரியாது. நான் ஒரு பழைய துண்டைப் பந்துக்கும் இன்னொன்றை ஷூவுக்கும் வைத்திருக்கிறேன். பந்துத் துண்டால் ஷூவைத் துடைத்துவிடாதீர்கள், அதில் எண்ணெய் இருக்கும்.

அடுத்த முறை போனதும் முதல் வேலையாக லேன் பார்ப்பவரிடம் எண்ணெய் எத்தனை அடி, எப்போது பூசியது என்று கேளுங்கள். எங்கள் அண்ணன் இப்போதெல்லாம் நான் வாய் திறக்கும் முன்பே விரலைக் காட்டிச் சொல்லிவிடுகிறார்.