வங்கியில் 82 லட்சம், ரிட்டர்னில் 60 லட்சம்: 44ஏடிஏ தகுதியை மெய்ப்பிப்பது எப்படி?

கேள்வி: நான் ராணிப்பேட்டையில் இருந்துகொண்டு ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் தோல் தொழிற்சாலைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலோசனை வழங்கும் வேதிப் பொறியாளர். 2024-25 நிதியாண்டுக்கு 60 லட்சம் வரவு காட்டி, வரவில் பாதியை வருமானமாகக் கருதும் 44ஏடிஏ பிரிவின்படி 30 லட்சத்தை வருமானமாகக் காட்டினேன். இப்போது விவரம் கேட்டு வருமான வரித் துறையின் 142(1) நோட்டீஸ் வந்துள்ளது. வங்கியில் 82 லட்சம் வரவாகியிருக்கிறதே, ஒரு தொழிற்சாலை 194சி பிரிவில் வரி பிடித்திருக்கிறதே, ஏன் தணிக்கை செய்யவில்லை என்று கேட்கிறார்கள். நகல்களை அனுப்பியுள்ளேன். எப்படிப் பதில் எழுதுவது? தகுதி ஏற்கப்படாவிட்டால் என்ன ஆகும்?

பதில்: நகல்களைப் பார்த்த வரையில் உங்கள் தகுதியில் குறையில்லை. ஆனால் நோட்டீஸில் ஒரே மூச்சில் கேட்கப்பட்டிருப்பவை உண்மையில் இரண்டு வெவ்வேறு கேள்விகள். நீங்கள் செய்வது சட்டம் குறிப்பிடும் தொழில்முறைப் பணிதானா என்பது முதலாவது. வரவு வரம்புக்குள் இருக்கிறதா என்பது இரண்டாவது. பதிலில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். கலந்து எழுதினால், ஒன்றில் எழும் சந்தேகம் மற்றதிலும் ஒட்டிக்கொள்ளும்.

முதல் கேள்விக்கு வருவோம். 44ஏடிஏ பிரிவு எல்லாத் தொழில்முறையாளருக்கும் உரியதன்று. 44ஏஏ(1) உட்பிரிவில் பெயர் சொல்லப்பட்டுள்ள சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்ளலங்காரம் ஆகியவற்றுக்கும், அரசு அறிவிக்கை செய்துள்ள வேறு சிலவற்றுக்கும் மட்டுமே அது பொருந்தும். இந்தியாவில் குடியிருப்பாளரான தனிநபராகவோ, எல்எல்பி அல்லாத கூட்டாண்மை நிறுவனமாகவோ இருக்கவும் வேண்டும். உங்கள் பணி பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை என்ற இரண்டில் எதன் கீழும் அடங்கும்.

194சி என்பது ஒப்பந்தப் பணிக்கான பிரிவு, 194ஜே என்பது தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவு. உங்களுக்குப் பணம் தந்தவர்களில் ஒருவர் மட்டும் 5 லட்சத்துக்கு 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய், 194சி பிரிவில் பிடித்திருக்கிறார். மற்றவர்கள் 48 லட்சத்துக்கு 10 சதவீதமாக 4,80,000 ரூபாயை 194ஜே பிரிவில் பிடித்திருக்கிறார்கள். வரி பிடித்தவர் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தார் என்பது உங்கள் பணியின் தன்மையைத் தீர்மானிப்பதில்லை. ஆனாலும் அதிகாரி அங்கே நிறுத்திக் கேட்பது நியாயமானதே, ஏனெனில் உங்களுக்கும் அந்தத் தொழிற்சாலைக்கும் இடையே என்ன பரிமாற்றம் நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்த வேலை ஆணையை நானும் இரண்டு முறை படித்தேன். தலைப்பில் 'ஆண்டுப் பராமரிப்பு' என்று இருக்கிறது, அதனால்தான் அங்குள்ள கணக்காளர் 194சி போட்டிருக்கிறார். உள்ளே இருப்பதோ மாதம் இருமுறை நேரில் வந்து ஆய்வு செய்வது, குரோமியம் மற்றும் கரைந்த திடப்பொருள் அளவுகளைப் பார்த்து அறிக்கை தருவது, வேதிப்பொருள் அளவைப் பரிந்துரைப்பது ஆகியவை மட்டுமே. ஆள் அனுப்புவதோ பொருள் வழங்குவதோ அதில் இல்லை.

ஆகவே வேலை ஆணையின் அந்தப் பக்கத்தையும், உங்கள் பட்டச் சான்றிதழையும், அந்தத் தொழிற்சாலைக்குக் கொடுத்த அறிக்கைகளில் மூன்றையும், சேவைக் குறியீடு 9983 என்று தொடங்கும் உங்கள் ஜிஎஸ்டி விலைப்பட்டியல்களையும் இணையுங்கள். நான்கும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்பு, பாலிமர் போன்றவற்றை வாங்கி லாபம் வைத்து விற்கும் வழக்கம் இத்துறை ஆலோசகர்கள் சிலரிடம் உண்டு. அப்படி ஒரு விலைப்பட்டியல் இருந்தாலும் அது வியாபாரம், அதற்கு 44ஏடிஏ பொருந்தாது. உங்கள் பட்டியலில் அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. இருந்தால் பதில் அனுப்பும் முன் சொல்லிவிடுங்கள், ஏனெனில் அதற்கான பதில் வேறு.

இனி வரவு. 44ஏடிஏ பிரிவின் அடிப்படை வரம்பு 50 லட்சம். ஆண்டில் ரொக்கமாகப் பெற்றது மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சமாக உயரும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த இந்த மாற்றம் 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. உங்கள் வரவு 50 லட்சத்தைக் கடந்துவிட்டதால், நீங்கள் முழுக்க இந்த இரண்டாவது வரம்பை நம்பியே நிற்கிறீர்கள். ரொக்கக் கணக்கைக் காட்டாமல் '75 லட்சத்துக்குள்தான் இருக்கிறேன்' என்று மட்டும் எழுதுவது பாதிப் பதில்.

வங்கியில் வந்ததெல்லாம் வரவன்று என்பதை எண்ணால் காட்ட வேண்டும். உங்கள் ஜிஎஸ்டிஆர்-1 படிவங்கள் பன்னிரண்டையும் கூட்டினால் வரிக்கு முந்தைய மதிப்பு 60,00,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 10,80,000 சேர்ந்து விலைப்பட்டியல்களின் மொத்தம் 70,80,000. இதில் முன்கூட்டியே பிடிக்கப்பட்ட வரியான டிடிஎஸ் 4,85,000 உங்கள் கைக்கு வரவில்லை, 2,80,000 ரொக்கமாக வந்தது. மீதி 63,15,000 வங்கியில் வரவானது. ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் நிலுவை இல்லாதது உங்கள் நல்வாய்ப்பு. மார்ச் விலைப்பட்டியலுக்கு ஏப்ரலில் பணம் வந்திருந்தால் பட்டியலில் அதற்கும் ஒரு பதிவு சேர்க்க நேர்ந்திருக்கும். 82 லட்சத்தில் எஞ்சும் 18,85,000 ரூபாயில் 12,00,000 வைப்புநிதி முதிர்வு, 4,85,000 உங்களுடைய மற்றொரு கணக்கிலிருந்து மாற்றியது, 2,00,000 கையிலிருந்த ரொக்கத்தைச் செலுத்தியது. 4,85,000 டிடிஎஸ் தொகையுடன் எண்ணளவில் ஒத்துப்போவது தற்செயல். அதிகாரி குழம்பக்கூடும் என்பதால் மாற்றிய தேதியை அருகிலேயே எழுதுங்கள். வைப்புநிதியின் வட்டியை நீங்கள் 'பிற ஆதாரங்கள்' தலைப்பில் காட்டியிருப்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டியை மொத்த வரவில் சேர்க்க வேண்டுமா? அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகையைத் தனியாக வசூலித்தால் அது வரவாகாது என்பதே பரவலான நடைமுறை. ஆனால் உங்கள் விஷயத்தில் இந்த வாதத்துக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. ஜிஎஸ்டியைச் சேர்த்தாலும் 70,80,000தான், 75 லட்சத்தைத் தாண்டவில்லை. ரொக்கத்துக்கு மறுபுறமாக, ஜிஎஸ்டி சேராத 60 லட்சத்தையே அடித்தளமாக எடுத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம் என்பது 3,00,000, உங்கள் ரொக்கம் 2,80,000, அதாவது 4.67 சதவீதம். வரம்புக்குப் பெரிய எண், விகிதத்துக்குச் சிறிய எண் என்று இரண்டிலும் உங்களுக்குப் பாதகமான கணக்கைப் போட்டுக் காட்டி, அப்போதும் தகுதி நிற்கிறது என்று எழுதுவதே இந்தப் பதிலின் முதுகெலும்பு. பதிலில் இந்தப் பத்தி ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"ஜிஎஸ்டி உட்பட விலைப்பட்டியல்களின் மொத்தம் ரூ.70,80,000. ஜிஎஸ்டி நீங்கலாக ரூ.60,00,000. ஆண்டில் ரொக்கமாகப் பெற்றது ரூ.2,80,000. எந்த அடிப்படையில் கணக்கிட்டாலும் ரொக்கம் 5 சதவீதத்துக்கும், மொத்த வரவு ரூ.75 லட்சத்துக்கும் உட்பட்டதே. வரவில் 50 சதவீதத்தை வருமானமாகக் காட்டியிருப்பதால் 44ஏபி பிரிவின்படியான தணிக்கை எனக்குப் பொருந்தாது. வங்கி வரவுகளின் ஒப்பீட்டுப் பட்டியல் இணைப்பு 3."

ரொக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களுக்கு இடைவெளி 20,000 ரூபாய்தான். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வரிசை எண் விடுபடாமல் நகலெடுத்து, தேதி, தொகை, விலைப்பட்டியல் எண் என மூன்று பத்தியில் ஒரு பட்டியல் போடுங்கள். அக்கவுண்ட் பேயி அல்லாத காசோலையையும் சட்டம் ரொக்கமாகவே எண்ணும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், கொண்டுவருபவருக்குத் தரும் காசோலையாக வந்த ஒரு தொகையை வங்கி வரவில் சேர்த்துவிட்டிருந்தார். நல்லவேளையாகப் பதில் அனுப்புவதற்கு முந்தைய நாள் அது கண்ணில் பட்டது. நீங்களும் சிறு பட்டறைகளிடமிருந்து வந்த காசோலைகளை வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படி 25,000 ரூபாய்க்கு ஒன்று இருந்தாலே கடுமையான கணக்கில் 5 சதவீதம் உடைந்துவிடும். பிறகு ஜிஎஸ்டி உட்பட்ட தொகையை அடித்தளமாக வைத்து வாதாட வேண்டிவரும்.

பெட்ரோல், வாடகை, உதவியாளர் சம்பளம் ஆகியவற்றின் ரசீதுகளை நோட்டீஸ் கேட்கவில்லை. கேட்காததை இணைக்காதீர்கள். 50 சதவீதத்துக்குள் எல்லாச் செலவும் தேய்மானமும் அடங்கிவிட்டதாகச் சட்டமே கருதுகிறது, செலவுக் கணக்கு வைத்திருக்கவும் அது உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வரவுக்கான ஆதாரத்தை மட்டும் முழுமையாகக் கொடுங்கள். வரி பிடிக்கப்பட்ட தொகைகளைப் பட்டியலிடும் 26ஏஎஸ் படிவம் காட்டுவது 53 லட்சம், நீங்கள் காட்டியது 60 லட்சம். வரி பிடிக்கப்படாத 7 லட்சத்தையும் நீங்களாகவே சேர்த்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குச் சாதகமான செய்தி, அதைத் தயங்காமல் எழுதுங்கள்.

பதிலை இணையதளத்தில் Pending Actions பகுதியில் e-Proceedings வழியாகவே ஏற்ற வேண்டும். எல்லாமே இணையவழியில் நடக்கும் முகமறியா மதிப்பீட்டில் வேலூர் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதால் பயனில்லை. நோட்டீஸில் குறித்த தேதிக்குள் முடியாவிட்டால், அந்தத் தேதி கடக்கும் முன்பே அங்கேயே அவகாசம் கோருங்கள். பேசாமல் இருந்தால் 10,000 ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு, அதிகாரி தம் கையிலிருப்பதை வைத்து மதிப்பீட்டை முடித்துவிடவும் முடியும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருந்தாலும், உங்கள் ஆண்டுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். ஆகவே பழைய பிரிவு எண்களையே பதிலில் குறிப்பிடுங்கள்.

தகுதி ஏற்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். 50 லட்சத்தைத் தாண்டிய வரவுக்குத் தணிக்கை செய்யவில்லை என்பதற்காக 271பி பிரிவில் வரவின் அரை சதவீதமோ ஒன்றரை லட்சமோ, எது குறைவோ அது அபராதமாக வரலாம். உங்களுக்கு அது 30,000 ரூபாய். வருமானத்தைக் கூட்ட முனைந்தால் அதற்கு முன் காரணம் கேட்கும் நோட்டீஸ் ஒன்று வரும். அப்போது வங்கி ஒப்பீட்டுப் பட்டியலையும் ரசீது அடிக்கட்டைகளையும் மீண்டும் இணைத்து, காணொளி வழியான விசாரணையும் கோரலாம்.